ரூம்மேட் பாத்திரச் சண்டை: கேள்வி பதில்

வேளச்சேரிவாசி: நாலு பேர் இருக்கோம். ஒருத்தன் குக்கர்ல தண்ணி ஊத்தி "ஊறட்டும்"னு விட்டுட்டுப் போயிடுவான். அவனுக்கு "ஊறல்"னே பேர் வச்சாச்சு. அவனும் சிரிப்பான். இப்போ கொஞ்ச நாளா தனியா சாப்பிடறான். சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். கிண்டல் ஆள் மாறி மாறி வந்தால் பயமில்லை. ஒரே ஆள்மேல் நின்றுவிட்டதா? வெளியாட்கள் முன்னாலும் சொல்கிறீர்களா? அவர் திருப்பிக் கலாய்ப்பது நின்றுவிட்டதா? ஒன்று கேட்கிறேன்: தண்ணீர் கேன் யார் பார்க்கிறார்கள்?

வேளச்சேரிவாசி: அவன்தான். நண்பர்கள் வந்தாலும் "ஊறல்"னுதான் கூப்பிடுவோம்.

கேன் காலியாகப் போவதைக் கவனிக்கணும், போன் போடணும், ஆள் வரும்போது வீட்டில் இருக்கணும், காசு கொடுக்கணும், தூக்கிக் கவிழ்க்கணும். இதில் எதுவும் உங்கள் கண்ணில் படாது. ஊறுகிற குக்கர் ராத்திரி முழுக்கப் படும். 1979இல் ராஸ், சிக்கோலி என்ற இரு ஆய்வாளர்கள் கணவன் மனைவியரிடம் தனித்தனியாக, வீட்டுவேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். பெரும்பாலான ஜோடிகளில் இரண்டு பங்கையும் கூட்டினால் முழுசைத் தாண்டியது. தான் செய்தது நினைவில் நிற்கும், மற்றவர் செய்தது நிற்காது.

அந்தப் பெயரை இன்றோடு விடுங்கள். தனியாகக் கூப்பிட்டு, கேன் வேலையைக் கவனிக்காமல் இருந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். குக்கர் பேச்சை அன்றைக்கே எடுக்காதீர்கள். பிறகு ஒருநாள், படுக்கும் முன் கழுவிவிடலாமா என்று கேளுங்கள்.

ராம்ஜி: டைம்டேபிள் போட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டினா போதாதா?

கோபம் இல்லாத வீட்டில் போதும்.

பெருங்குடி பாலா: வேலைக்கு அக்கா வச்சா முடிஞ்சது. எதுக்கு இவ்வளவு பேச்சு?

பாத்திரம் தீரும். காலையில் கதவு திறப்பது, மாசக் காசு வசூலிப்பது, அவர் வராத நாள் கழுவுவது யார்?

பெருங்குடி பாலா: எங்க வீட்ல அப்படிப் பிரச்சினையே வந்ததில்ல.

கதவு திறப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

பெருங்குடி பாலா: நான்தாங்க திறக்கிறேன்!

அப்படியானால் வீட்டில் மற்றவர்களுக்குப் பிரச்சினை இல்லை என்பது சரிதான். உங்களுக்கும் இல்லையென்றால் நல்லது.

சுதா: சண்டை போட்டுட்டு வெளியேறினா அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?

ஒப்பந்தத்தைப் பாருங்கள். அது என் துறை இல்லை.

கார்த்தி: டைம்டேபிள் ஆப் ஏதாவது இருக்கா?

மேலே ராம்ஜிக்குச் சொன்னதைப் படியுங்கள். மூன்றாவது ஆளாக யாரும் கேட்க வேண்டாம்.

மலர்: எங்க ஃப்ளாட்ல என்னை "அம்மா"ன்னு கூப்பிடுவாங்க. நானே ஆரம்பிச்ச ஜோக்தான். இப்போ கேட்டாலே எரிச்சல் வருது.

வேளச்சேரிக்காரருடையதைவிட இது எனக்குக் கவலை தருகிறது. அடுப்பைத் துடைத்துக்கொண்டே "அம்மா இருக்கேன்ல" என்று நீங்கள் சொன்னபோதே அதில் ஒரு மனக்குறை இருந்திருக்கும். அவர்கள் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டார்கள். சொல்லாமல் வேலையை நிறுத்திப் பார்க்காதீர்கள். குப்பை நிரம்பினால் உங்களுக்குத்தான் முதலில் உறுத்தும், நீங்களேதான் எடுப்பீர்கள். ஒரு வேலையை, குப்பையையே, முழுசாக ஒருவரிடம் பெயர் சொல்லிக் கொடுங்கள். நிரம்பியதைக் கவனிப்பதும் அவர் வேலை. நீங்கள் நினைவுபடுத்தக் கூடாது.

மலர்: ரெண்டு நாள் நாறும்.

நாறும். அதைத் தாங்க முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்லணும்.