போன் ஆன் ஆனதும் கொட்டும் பழைய நோட்டிஃபிகேஷன்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

புஷ் நோட்டிஃபிகேஷன் நேரம் தவறி வருவதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்திருக்கிறேன். நிறையப் பேர் டெலிவரி ஆப் செய்பவர்கள் என்பதால் அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஆப்பில் "டெலிவரி ஆள் வாசலில் நிற்கிறார்" என்ற செய்தி இரவு பத்து மணிக்கு வந்ததாக வாடிக்கையாளர் புகார் சொல்கிறார். அவர் பார்சலை வாங்கியதோ மாலை ஆறே முக்காலுக்கு. சர்வர் லாகில் 6:42-க்கே அனுப்பியாகிவிட்டது. தாமதம் எங்கே நடந்தது?

தாமதம் என்று சொல்வதைவிட, கொடுத்த வேலை அப்படியே நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் சர்வர் செய்தியை நேராகப் போனுக்கு அனுப்புவதில்லை. ஆண்ட்ராய்டுக்கு கூகுளின் எஃப்சிஎம், ஐபோனுக்கு ஆப்பிளின் ஏபிஎன்எஸ் என்று நடுவில் ஒரு சர்வர் இருக்கிறது. போன் அணைந்திருந்தாலோ நெட் இல்லாவிட்டாலோ அது செய்தியைப் பிடித்து வைத்திருந்து, போன் திரும்பி வந்ததும் கொடுக்கும். எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது என்பதைச் சொல்வதுதான் டிடிஎல், அதாவது செய்தியின் ஆயுட்காலம். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் எஃப்சிஎம் 28 நாள் வரை வைத்திருக்கும். வாசலில் ஆள் நிற்கும் செய்திக்கு 28 நாள்!

உங்கள் வாடிக்கையாளரின் போன் ஆறு மணிக்கு சார்ஜ் இறங்கி அணைந்தது, இரவு 10:10-க்கு ஆன் ஆனது என்று வைத்துக்கொள்வோம். இடையில் நீங்கள் அனுப்பியவை மூன்று: 6:05-க்கு "பேக் ஆகிவிட்டது", 6:20-க்கு "கிளம்பிவிட்டது", 6:42-க்கு "வாசலில் நிற்கிறார்". இவை ஆப்பே கையாளும் டேட்டா செய்திகளாகப் போய், டிடிஎல்லும் இல்லை, ஒன்றை இன்னொன்று மாற்றலாம் என்று சொல்லும் கொலாப்ஸ் கீயும் இல்லை என்றால் 10:10-க்கு மூன்றும் வந்து விழும். மூன்றுக்கும் ஒரே கொலாப்ஸ் கீ கொடுத்திருந்தால், பிந்தையது வந்ததும் காத்திருந்த முந்தையது நீங்கிவிடும், அதனால் கடைசியாக அனுப்பிய "வாசலில் நிற்கிறார்" மட்டும் வரும். எண்ணிக்கை குறைந்ததே தவிர, வந்தது பொய்த் தகவல்தான். அதற்கே 10 நிமிட டிடிஎல் கொடுத்திருந்தால் 6:52-க்கு அது எஃப்சிஎம்மிலேயே செத்திருக்கும்.

கொலாப்ஸ் கீ எத்தனை செய்தி காத்திருக்கலாம் என்பதைக் கவனிக்கிறது, டிடிஎல் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை. ஒன்றை வைத்து மற்றொன்றின் வேலையைச் செய்ய முடியாது.

டிடிஎல் 600 வினாடி கொடுத்துவிட்டோம். அப்படியும் சில நேரம் அரை மணி, முக்கால் மணி தாமதமாக வருகிறது. போன்கள் ஆன்லைனில்தான் இருக்கின்றன.

உங்கள் சொந்த க்யூவைப் பாருங்கள். இதில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். அனுப்பும் வொர்க்கர் ஒன்று சிக்கிக்கொண்டு 40 நிமிடம் க்யூ நகரவில்லை, அது விடுபட்டதும் தேங்கிக் கிடந்த எல்லாச் செய்தியும் ஒவ்வொன்றும் 600 வினாடி ஆயுளோடு புத்தம் புதிதாகக் கிளம்பிப் போயிற்று. எஃப்சிஎம்மின் கடிகாரம் ஓடத் தொடங்குவது செய்தி அதன் கைக்குப் போன பிறகுதான். அதற்கு முன் உங்கள் க்யூவில் 40 நிமிடம் கிடந்தது அதற்கு எப்படித் தெரியும்?

அதனால் க்யூவில் போடும்போது ஆயுட்காலத்தைப் போடாதீர்கள், காலாவதி நேரத்தைப் போடுங்கள். சம்பவம் நடந்தது 6:42, 6:52-க்குப் பிறகு பயனில்லை என்றால் 6:52 என்பதே செய்தியோடு பயணிக்கட்டும். வொர்க்கர் அனுப்பப் போகும் அந்தக் கணத்தில் கழித்துப் பார்க்கட்டும்:

```
remaining = deadline - now()
if remaining <= 0: drop
ttl = remaining
```

6:49-க்கு வெளியே போனால் டிடிஎல் 180 வினாடி. 7:22-க்கு என்றால் அனுப்பவே வேண்டாம். ரீட்ரை செய்யும்போதும் இதே கணக்கைத் திரும்பப் போட வேண்டும். முதல் முயற்சியில் கணக்கிட்ட டிடிஎல்லை அப்படியே வைத்து மறுபடி அனுப்புவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஆண்ட்ராய்டில் அசையாமல் கிடக்கும் போன் டோஸ் நிலைக்குப் போய்விட்டால், சாதாரண முன்னுரிமை உள்ள செய்தி அதை எழுப்பாது. குறுகிய டிடிஎல்லும் சாதாரண முன்னுரிமையும் சேர்ந்தால் செய்தி யாரும் பார்க்காமலே காலாவதி ஆகலாம். வாசலில் ஆள் நிற்பது போன்றவற்றுக்கு `"priority": "HIGH"` கொடுங்கள், ஆனால் தள்ளுபடி விளம்பரத்துக்குக் கொடுக்காதீர்கள்.

எஃப்சிஎம் வழியாகத்தான் இரண்டுக்கும் அனுப்புகிறோம். ஆண்ட்ராய்டில் சரியாகிவிட்டது, ஐபோனில் மட்டும் பழையது வந்துகொண்டே இருக்கிறது.

`android` என்ற பகுதிக்குள் எழுதிய `ttl` ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான். ஐபோனுக்குப் போகும் செய்தியை எஃப்சிஎம் ஏபிஎன்எஸ்ஸிடம் கொடுத்துவிடுகிறது, அதற்கு வேண்டியது ஏபிஎன்எஸ்ஸின் சொந்த ஹெடர். பிரவுசருக்கு இன்னொன்று. மூன்றையும் எழுதினால் இப்படி இருக்கும்:

```json
{
  "android": {
    "ttl": "600s",
    "priority": "HIGH",
    "collapse_key": "order_4417"
  },
  "apns": { "headers": {
    "apns-expiration": "1767226200",
    "apns-collapse-id": "order_4417"
  }},
  "webpush": { "headers": {
    "TTL": "600",
    "Topic": "order_4417"
  }}
}
```

எண்களின் வகையைக் கவனியுங்கள். ஆண்ட்ராய்டும் பிரவுசரும் கேட்பது "இன்னும் எத்தனை வினாடி". ஏபிஎன்எஸ் கேட்பது "எந்த நேரம் வரை", அதுவும் 1970-லிருந்து எண்ணிய வினாடிகளில். ஜாவாஸ்கிரிப்டில் `Date.now()` தருவது மில்லி வினாடி. அதை ஆயிரத்தால் வகுக்காமல் போட்டால் ஐம்பதாயிரம் ஆண்டுக்கு அப்பால் ஒரு தேதியைச் சொன்னதாக ஆகும், ஏபிஎன்எஸ் அதைப் பிழை என்று உங்களுக்குச் சொல்லும் என எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். 10 இலக்கம் இருந்தால் சரி, 13 இலக்கம் இருந்தால் தவறு.

நீளத்திலும் எல்லை உண்டு. `apns-collapse-id` 64 பைட், `Topic` 32 எழுத்து. நீளமான யூயுஐடியை அப்படியே திணித்தால் பிரவுசர் பக்கம் இடிக்கும்.

கொலாப்ஸ் கீ கொடுத்தும் நோட்டிஃபிகேஷன் பட்டியலில் ஒரே ஆர்டருக்கு மூன்று வரி நிற்கிறது, ஆண்ட்ராய்டில் மட்டும்.

போன் ஆன்லைனில் இருந்தால் மூன்றும் உடனுக்குடன் போய்ச் சேர்ந்திருக்கும், எஃப்சிஎம்மில் எதுவும் காத்திருக்கவில்லை, அதனால் கொலாப்ஸ் கீக்கு வேலையே வரவில்லை. திரையில் ஏற்கெனவே காட்டியதை மாற்றுவதற்கு `android.notification.tag` என்று தனியாக இருக்கிறது. அதற்கும் `order_4417` என்றே கொடுங்கள், புதியது பழையதன் இடத்தில் உட்காரும். ஐபோனில் `apns-collapse-id` ஒன்றே இரண்டு வேலையையும் செய்துவிடுவதால்தான் அங்கே இந்தப் பிரச்சினை உங்களுக்குத் தெரியவில்லை.

"பணம் செலுத்துதல் தோல்வி, மீண்டும் முயலவும்" என்ற செய்தி சிலருக்கு வரவே இல்லை. டிடிஎல் 24 மணி நேரம் கொடுத்திருந்தோம். எப்படிக் காணாமல் போனது?

உங்கள் கோடைப் பார்த்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் தனித்தனியாக எடுத்தால் எல்லாமே சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பணம் தோல்விச் செய்திக்கும் "வாசலில் நிற்கிறார்" செய்திக்கும் ஒரே கொலாப்ஸ் கீ, ஆர்டர் எண். 6:30-க்குப் பணம் தோல்விச் செய்தி போயிருக்கிறது, போன் அணைந்திருந்ததால் எஃப்சிஎம்மில் காத்திருந்தது. 6:42-க்கு 10 நிமிட ஆயுளோடு அடுத்த செய்தி அதே கீயில் வந்து முந்தையதை நீக்கிவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டது. 6:52-க்கு அதுவும் காலாவதி. 10:10-க்குப் போன் ஆன் ஆனபோது அங்கே கொடுக்க எதுவுமே இல்லை. நீக்கப்பட்ட செய்தி மிச்ச ஆயுளோடு உயிர்த்தெழாது.

ஆகவே கீயை "எந்த ஆர்டர்" என்று யோசித்து வைக்கக் கூடாது, "எது வந்தால் எது வீண்" என்று யோசித்து வைக்க வேண்டும். டெலிவரி ஆள் எங்கே இருக்கிறார் என்ற செய்திகள் ஒன்றையொன்று வீணாக்கும், அவற்றுக்கு ஒரு கீ. பணம் தோல்வி என்பதை அவற்றில் எதுவும் வீணாக்காது, அதற்கு வேறு கீ அல்லது கீயே வேண்டாம். நிலை மாற்றங்களுக்குள்ளும் கடைசியாக வரும் "ஒப்படைக்கப்பட்டது" என்பதற்கு நீண்ட ஆயுள் கொடுங்கள், ஒரு நாள் இருக்கட்டும். அது எப்போது பார்த்தாலும் உண்மைதான்.

சாட் ஆப்பில் ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு கொலாப்ஸ் கீ வைக்கலாமா?

ஆண்ட்ராய்டில் வேண்டாம். ஒரு போனுக்கு ஒரே நேரத்தில் நான்கு வெவ்வேறு கொலாப்ஸ் கீயைத்தான் எஃப்சிஎம் வைத்திருக்கும். ஐந்தாவது வந்தால் எது போகும் என்று உத்தரவாதம் இல்லை. கீயே இல்லாமல் அனுப்பினால் 100 செய்தி வரை சேரும், அதைத் தாண்டினால் சேர்ந்தவை எல்லாமே தூக்கி எறியப்பட்டு ஆப்பில் `onDeletedMessages()` அழைக்கப்படும். அது வந்தால் சர்வரிடம் போய் முழுதாக சிங்க் செய்ய வேண்டும். எனக்குப் பிடித்த வழி, "புதிய செய்தி இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்" என்று மட்டும் சொல்லும் டேட்டா செய்தி ஒன்று, ஒரே ஒரு கீ. உள்ளடக்கத்தை ஆப்பே சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

எல்லாவற்றுக்கும் டிடிஎல் பூஜ்யம் கொடுத்துவிட்டால் என்ன?

அந்த நொடியில் இணைப்பு இல்லாவிட்டால் செய்தி போச்சு. உள்வரும் வீடியோ கால் போன்றவற்றுக்கு அது சரி. லிஃப்டில் இருபது வினாடி சிக்னல் போனவருக்கு "வாசலில் நிற்கிறார்" கிடைக்காமல் போவது சரியில்லை.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு இரண்டு செய்தி அனுப்புங்கள், வெவ்வேறு கீயோடு: ஒன்றுக்கு 60 வினாடி டிடிஎல், மற்றதற்கு ஒரு மணி நேரம். ஐந்து நிமிடம் கழித்து மோடை எடுங்கள். இரண்டாவது மட்டும் வந்தால் சரி. இரண்டுமே வராவிட்டால் டிடிஎல் வேலை செய்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், டோக்கனோ அனுமதியோ வேறெங்கோ கோளாறு. இந்த இரண்டாவது செய்தி இல்லாமல் சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், சரியான நேரத்தில் வந்த செய்தியும் யாரும் தொடாமல் இரவு வரை திரையில் கிடக்கும், அதை டிடிஎல் தொடாது. ஆண்ட்ராய்டு 8.0 முதல் `setTimeoutAfter()` இருக்கிறது. நோட்டிஃபிகேஷனை உங்கள் ஆப்பே உருவாக்குகிறது என்றால் மில்லி வினாடியில் நேரம் கொடுத்துவிடுங்கள், தானாக மறைந்துவிடும்.