மூலிகை வைத்திய வீடியோ, விளம்பரம் எல்லாவற்றையும் என் அப்பா அப்படியே நம்புகிறார். எது மிகை என்று பெரியவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் குடியிருப்பில் அக்கம்பக்கத்தாரிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். பல வீடியோக்களை மேலோட்டமாகக் கிண்டலடித்தால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அதனால் எல்லார் போனிலும் வந்திருந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்: மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி.

அதில் ஒருவர் இரண்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைக் காட்டுவார். காமாலையில் கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற பொருளின் அளவு 9 என்று இருந்தது சில வாரங்களில் 1-க்கு இறங்கியிருக்கும். ரிப்போர்ட் போலி என்று நான் வாதாடவில்லை. உண்மை என்றே வைத்துக்கொள்வோம் என்றேன்.

பக்கத்து வீட்டு அம்மா உடனே, "என் தம்பிக்கும் எங்கம்மா அரைச்சுக் குடுத்துத்தான் சார் சரியாச்சு. அது பொய்யா?" என்றார்.

"பொய்யில்லைம்மா. குடிச்சதும் நிஜம், குணமானதும் நிஜம். குடிக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு மட்டும் நமக்குத் தெரியாது" என்றேன்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் கெட்ட தண்ணீராலும் உணவாலும் வரும் காமாலைக்குப் பெரும்பாலும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ வைரஸ்தான் காரணம். பெரும்பாலானவர்களுக்கு இது சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அந்த நாட்களில் கீழாநெல்லி குடித்தவருக்கும் பிலிருபின் இறங்கும், வெறும் மோர் குடித்தவருக்கும் இறங்கும். யார் எதைக் கொடுத்தாலும் நூறு பேர் சாட்சி சொல்ல வருவார்கள், அதுவும் மனதறிந்து பொய் சொல்லாமல். அதனால் எந்த நோய் என்றாலும் அப்பாவிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த மருந்தைச் சாப்பிடாதவர்களில் எத்தனை பேருக்கு இதே காலத்தில் சரியானது? வீடியோவில் அந்த ஆட்கள் வரவே மாட்டார்கள். சிறிய சிறுநீரகக் கல்லும் இந்த ரகம்தான். பல சமயம் அது தானாகவே வெளியேறிவிடும், பெயர் வாழைத்தண்டுக்குப் போகும்.

"லான்செட்லயே போட்டிருக்கான் சார், வெள்ளைக்காரனே ஒத்துக்கிட்டான்" என்றார் இன்னொருவர். இதை நான் எதிர்பார்த்தேன். அது பாதி உண்மை. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பர்க்குடன் சேர்ந்து, லான்செட் என்ற அந்த மருத்துவ இதழில் கீழாநெல்லி பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. எனக்கே பெருமையாக இருந்த செய்திதான். வீடியோ சொல்லாமல் விடுவது இரண்டு. அவர்கள் காமாலையில் படுத்தவர்கள் அல்ல, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றை உடம்பில் சுமந்தவர்கள். அடுத்து, பிற நாடுகளில் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே "ஆய்வில் நிரூபணம்" என்று வந்தால், யாருக்கு, எந்த நோய்க்கு, மறுபடி செய்தபோது என்ன ஆயிற்று என்று பாருங்கள். விளம்பரங்களில் எலிக்குக் கொடுத்த ஆய்வும் இதே தொனியில்தான் வரும்.

மூன்றாவது விஷயத்தைச் சொல்லும்போதுதான் கூட்டம் அமைதியானது. பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்தாலும் கண் மஞ்சளாகும். மலம் வெளுத்துப் போகும், உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும். எத்தனை நாள் கீழாநெல்லி குடித்தாலும் அந்த அடைப்பு விலகாது. வீணாகும் வாரங்களில் அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பே நழுவிப்போகலாம். காமாலைக்காரர் குழப்பமாகப் பேசினாலோ, தூங்கி விழுந்துகொண்டே இருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிதான். கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் ஈ உயிருக்கே ஆபத்தாகலாம். "எல்லா வகை மஞ்சள் காமாலைக்கும்" என்ற ஒரு வரி போதும், அந்த வீடியோவை மூடிவிடலாம்.

பாட்டிலில் உரிம எண் இருக்கிறதே என்பார்கள். அது தயாரிக்கக் கிடைத்த அனுமதி, குணமாகும் என்ற சான்று இல்லை. இதோடு, 1954-ன் மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டத்தில் ஒரு நோய்ப் பட்டியல் இருக்கிறது. சர்க்கரை நோய், புற்றுநோய், ரத்த அழுத்தம், உடல் பருமன் எல்லாம் அதில் உண்டு. இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். சர்க்கரையை வேரோடு ஒழிக்கும் பொடிக்கு அப்பா ஆர்டர் போடப் போனால், மருந்தைப் பற்றி வாதாடாமல் இந்தச் சட்டத்தைச் சொல்லிப் பாருங்கள். எங்கள் பெரியவர்களிடம் விஞ்ஞானத்தைவிட அதுதான் சீக்கிரம் எடுபட்டது.

கீழாநெல்லியை நான் திட்டவில்லை. சித்த மருத்துவரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துக்கொண்டு சாப்பிடுபவரோடு எனக்குச் சண்டையில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். "அப்போ முதல்ல டெஸ்ட், அப்புறம்தான் அம்மி" என்றார்.