நிலுவைச் சம்பளத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு நிவாரணம்

2021-22-க்கான ஒரு லட்சம் ரூபாய் நிலுவை 2023-24-ல் மொத்தமாக வந்தது. முழுதுக்கும் 30% வரி கட்டத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. நிலுவையைச் சேர்த்தால் வரி எவ்வளவு கூடுகிறது என்பதைப் பணம் வந்த வருடத்துக்கும் அது உரிய பழைய வருடத்துக்கும் தனித்தனியாகக் கண்டுபிடியுங்கள். பழைய வரிமுறையில், 2023-24-ல் நிலுவை நீங்கலாக வரிக்குரிய வருமானம் 10 லட்சம் என்று வையுங்கள். நிலுவையால் கூடும் வரி, 4% செஸ் சேர்த்து 31,200 ரூபாய். 2021-22-ல் வருமானம் 6 லட்சம் என்றால், அதே ஒரு லட்சத்தை அங்கே சேர்த்தால் கூடுவது 20,800 மட்டுமே. மிச்சம் 10,400 உங்கள் நிவாரணம்.

அந்தப் பழைய வருடத்தில் வருமானம் 4.6 லட்சமாக இருந்திருந்தால் கதை வேறு. நிலுவை சேர்ந்ததும் 5 லட்சத்தைத் தாண்டி, அதுவரை வரியைப் பூஜ்யமாக்கிய 87A பிரிவின் தள்ளுபடி போய்விடும். அங்கே வரி பூஜ்யத்திலிருந்து 25,480-க்குத் தாவும். நிவாரணம் 5,720-ஆகச் சுருங்கும். பலர் தவறவிடும் இடம் இது.

ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே, வருமான வரித் தளத்தில் Form 10E-ஐத் தாக்கல் செய்யுங்கள். நிலுவைக்கு உரியது Annexure I. மதிப்பீட்டு ஆண்டாகப் பணம் கைக்கு வந்த வருடத்துக்குரிய 2024-25-ஐத் தேர்ந்தெடுங்கள், 2022-23 அல்ல. படிவம் இல்லாமல் ரிட்டர்னில் நிவாரணம் கேட்டால், ரிட்டர்னைச் சரிபார்த்து வரித்துறை அனுப்பும் 143(1) அறிவிப்பில் அதை நீக்கிவிட்டு வட்டியோடு பாக்கி கேட்பார்கள்.