கடைவீதியில் கையில் கேமரா: அவர்கள் எப்படி எடுத்தார்கள், நீங்கள் எப்படி எடுக்கலாம்

கேள்வி: "சேலம் கடைவீதியில் அண்ணன் தம்பி ரெண்டு பேர் நடந்துகிட்டே சண்டை போடுற ஒரு காட்சி, ரெண்டரை நிமிஷம் வரும். பிரெஞ்சு நியூ வேவ் படங்கள் மாதிரி நிஜத் தெருவுல, கையில பிடிச்சே எடுக்கலாம்னு மொபைல்ல டெஸ்ட் பண்ணினோம். போறவங்க வர்றவங்க எல்லாரும் கேமராவையே பார்க்கறாங்க, படம் ஆடுது, பேசறது ஒண்ணும் கேட்கல. மைக், லைட் வாங்கக் காசு கிடையாது. அவங்க இதை எப்படித்தான் எடுத்தாங்க சார்?" (செவ்வாய்ப்பேட்டை வாசகர் ஒருவர்)

கடைசியாகச் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் சாவி அதில்தான் இருக்கிறது. பேசுவது கேட்கவில்லை என்கிறீர்களே, அவர்களுக்கும் கேட்கவில்லை. நியூ வேவ் இயக்குநர்களில் முக்கியமானவரான கோதார் 1959-ல் பாரிஸ் தெருக்களில் எடுத்து 1960-ல் வெளியான 'ப்ரெத்லெஸ்' படத்தையே பாருங்கள். அதில் ஒளிப்பதிவாளர் ரவுல் கூத்தார் தோளில் வைத்திருந்தது கேமெஃபிளெக்ஸ் என்கிற கேமரா. கைக்கு அடக்கமானது, ஆனால் ஓடும்போது தையல் மெஷின் மாதிரி கடகடக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வசனம் பதிவு செய்ய முடியாது, அதனால் தெருவில் பேச்சைப் பதிவு செய்கிற ஆசையையே விட்டுவிட்டார்கள். மொத்த வசனமும் பின்னால் டப்பிங். சத்தம் பதிவாகவில்லை என்பதால் ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோதார் பக்கத்தில் நின்று நடிகர்களுக்கு வசனத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

நம் ஊர் ஆட்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். விதியை உடைத்தார்கள் என்கிறோம், ஆனால் அவர்கள் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்கினார்கள். நேரடி ஒலியைக் கொடுத்தார்கள், அதற்குப் பதில் தெரு கிடைத்தது. உங்கள் டெஸ்டில் தெருவும் வேண்டும், சுத்தமான வசனமும் வேண்டும், ஆடாத படமும் வேண்டும் என்று மூன்றையும் ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். ஏற்காடு சாலையில் இன்று நுழைவு வளைவு மட்டும் நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கி நூற்றுக்கும் மேல் படம் எடுத்த இடம், அங்கே மூன்றும் கிடைத்திருக்கும். அதற்காகத்தான் காம்பவுண்டுக்குள்ளேயே தெருவை செட் போட்டார்கள். வெளியே வந்தால் ஒன்றை விட்டே ஆக வேண்டும்.

ஆக, வசனத்தை விடுங்கள். இரண்டு நடிகர்களின் சட்டைப் பையிலும் ஆளுக்கொரு போனை ரெக்கார்டிங் போட்டு வையுங்கள். அது படத்துக்கு இல்லை, என்ன பேசினார்கள், எந்த வேகத்தில் பேசினார்கள் என்று பின்னால் தெரிந்துகொள்ள. ஆரம்பத்தில் ஒருவர் கேமரா முன்னால் கை தட்டினால் மூன்று ரெக்கார்டிங்கையும் எடிட்டில் ஒன்றாக நிறுத்திவிடலாம். ஷாட் முடிந்த கையோடு, மூச்சு வாங்குவது அடங்குவதற்குள், அமைதியான இடமாகப் பார்த்துப் போங்கள். வீட்டில் துணி அடைத்த பீரோ இருக்கிற அறை போதும், ஃபேனை நிறுத்திவிடுங்கள். அங்கே அதே வசனத்தை நின்ற இடத்தில் நடந்துகொண்டே, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போனைப் பிடித்து மூன்று நான்கு தடவை பேசச் சொல்லுங்கள். அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளினால் கோபம் போய்விடும், ஒப்பிக்கிற குரல்தான் வரும். அப்புறம் கடைவீதிக்குத் திரும்பிப் போய், யாரும் நடிக்காமல், வெறும் தெருச் சத்தத்தை மட்டும் ஐந்து நிமிடம் பிடியுங்கள். சுத்தமான வசனத்துக்கு அடியில் இது ஓடவில்லை என்றால் டப்பிங் என்று முதல் நொடியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, இப்போது கூட்டம். பாரிஸின் ஷான்ஸெலிசே சாலையில் கதாநாயகி ஜீன் செபெர்க் பேப்பர் விற்றுக்கொண்டு நடக்க, கூடவே கதாநாயகன் பெல்மாண்டோ பேசிக்கொண்டு வருகிற அந்த நீளமான ஷாட்டை, தபால்காரர்கள் தள்ளிக்கொண்டு போகிற ஒரு வண்டிக்குள் கூத்தாரை உட்காரவைத்து, ஓட்டை வழியாக எடுத்தார்கள். வேறு இடங்களில் டிராலிக்குப் பதில் சக்கர நாற்காலி, அதைத் தள்ளியது கோதார். இவ்வளவு செய்தும் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பது படத்தில் பல இடங்களில் அப்படியே இருக்கிறது, கடைசிக் காட்சியிலும் தெரியும். எனக்குத் தெரிந்து அதனால் யாரும் படத்தை விட்டு எழுந்து போகவில்லை. ஒருவர் போகிற போக்கில் பார்த்தால் விட்டுவிடுங்கள். நின்று பார்த்தால்தான், அல்லது சிரித்துக்கொண்டு பின்னாலேயே வந்தால்தான் ஷாட் கெட்டுப்போகும்.

நிற்க வைப்பது கேமரா இல்லை, கேமராவைச் சுற்றி நிற்கிற கும்பல். மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள், நடிகர்கள் இரண்டு பேர், போன் பிடிப்பவர் ஒருவர், அவ்வளவுதான். 'ஆக்‌ஷன்' என்று கத்தக் கூடாது. ஒத்திகையை வேறு தெருவில் முடித்துவிட்டு, கடைவீதிக்கு வந்ததும் நிற்காமல் அப்படியே எடுத்துக்கொண்டே போய்விட வேண்டும். ஒரு தடவை எடுத்தால் உடனே திரும்ப எடுக்காமல் டீ குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வாருங்கள், அதற்குள் ஆட்கள் மாறிவிடுவார்கள். நேரமும் முக்கியம். காலையில் பூக்கடைக்காரர்கள் பூவை எடை போட்டுக் கொடுக்கிற மும்முரத்தில் உங்களை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள், சாயந்திரம் சும்மா சுற்ற வந்த கூட்டம்தான் பார்க்கும். தபால் வண்டிக்கு நம்மிடம் மாற்று வேண்டுமா, தெரிந்த காய்கறிக்காரரிடம் தள்ளுவண்டியைக் கேளுங்கள். கூடைகளுக்கு நடுவே போனைச் செருகிவைத்து நடிகர்களுக்கு முன்னால் ஒருவர் இழுத்துக்கொண்டு போகட்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் குலுங்குவது குறையும். மேடு பள்ளம் அதிகமிருந்தால் வண்டி வேண்டாம், கையே மேல்.

ஆட்டத்துக்கு வருவோம். நீங்கள் அனேகமாக இரண்டு மடங்கு ஜூம் போட்டு தூரத்திலிருந்து எடுத்திருப்பீர்கள், கூச்சத்தில் எல்லோரும் செய்வது. ஜூம் கூடக்கூட ஆட்டமும் அதே அளவுக்குக் கூடும். போனின் சாதாரண லென்ஸிலேயே வைத்துக்கொண்டு, நடிகர்களிடமிருந்து ஐந்தாறு அடியில் நடங்கள். அந்தத் தூரத்தில் ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கூரைப் பந்தலுக்குள் நுழைந்து வெளியே வரும்போதெல்லாம் படம் தானாக வெளுத்து, கறுத்து, திரும்ப வெளுக்கும். கையை நீட்டாமல் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு முட்டியைக் கொஞ்சம் மடக்கி நடந்தாலே பாதி ஆட்டம் போய்விடும்.

மீதிப் பாதியில் ஒரு பகுதி ஆட்டமே இல்லை, ஷட்டர். நல்ல வெயிலில் போன் தானாக 1/1000, 1/2000 என்று ஷட்டரை வைத்துக்கொள்ளும். அப்போது ஒவ்வொரு ஃபிரேமும் கத்தரித்த மாதிரி கூர்மையாக இருந்து, அசைவு மட்டும் தத்தித் தத்திப் போகும். கண்டுபிடிப்பது சுலபம், ஆட்டோ போகிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள், வேகமாகப் போகிற ஆட்டோவின் ஓரத்தில் துளி மங்கல்கூட இல்லையென்றால் இதுதான் வியாதி. மேனுவல் வசதியுள்ள ஆப்பில் 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று வையுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கடைகளின் டியூப்லைட் மினுக்குவதும் இதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும், அதற்கு லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கிற என்.டி. ஃபில்டர் வேண்டும். அது இல்லையென்றால் வெயிலே வேண்டாம், காலை நிழலில் எடுங்கள். போனின் ஸ்டெடி மோடையும் இருட்டான இடத்தில் நம்பாதீர்கள். ஃபிரேம் நிலையாக நிற்கும், ஆனால் உள்ளே முகம் மட்டும் விட்டுவிட்டு மங்கித் தெளியும், ஆட்டத்தைவிட அது அசிங்கம்.

இதெல்லாம் செய்தும் இரண்டரை நிமிடம் ஒரே ஷாட்டாகச் சரியாக வராது. வரவும் வேண்டாம். கோதாரின் படம் முதலில் ரொம்ப நீளமாகப் போய்விட்டது, ஒன்றரை மணிக்குள் கொண்டுவர வேண்டும். முழுக் காட்சிகளைத் தூக்குவதற்குப் பதில் ஷாட்டுகளுக்கு உள்ளேயே வெட்டினார்கள், அதுதான் பிறகு ஜம்ப் கட் என்று பேர் வாங்கியது. கார் காட்சியைப் போட்டு உற்றுப் பாருங்கள். பின் சீட்டிலிருந்து செபெர்க்கின் தலை மட்டும் தெரிகிறது, ஓட்டுகிற பெல்மாண்டோ பேசிக்கொண்டே போகிறான். ஒவ்வொரு வெட்டிலும் பின்னால் இருக்கிற தெருவும் வெளிச்சமும் சட்டென்று மாறுகின்றன, ஆனால் அவளுடைய தலை ஃபிரேமில் ஏறக்குறைய அதே இடத்தில், பேச்சும் வரிசை குலையாமல் போகிறது. கண்ணுக்குத் தாவல், காதுக்குத் தொடர்ச்சி. இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் வெட்டினால் பார்ப்பவருக்கு அது எடிட்டிங் தவறாகத்தான் தெரியும்.

உங்கள் காட்சியில் இதைப் போட்டுப் பார்ப்போம். சண்டை எதைப் பற்றி என்று நீங்கள் சொல்லவில்லை, அடகு வைத்த கொலுசு என்று வைத்துக்கொள்வோம். தெருவின் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரு தடவை அண்ணனுக்குப் பின்னால் நடந்து, அவன் தோளும் பக்கவாட்டு முகமும் மட்டும் தெரிகிற மாதிரி எடுங்கள். அரை மணி கழித்து அதே மாதிரி தம்பியை. உதடு முழுசாகத் தெரியாததால் டப்பிங் ஒட்டாத பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்தது. எடிட்டில் முதலில் படத்தைத் தொடவே வேண்டாம், பீரோ அறையில் பதிவு செய்த வசனத்தை வரிசையாக வைத்து, அடியில் தெருச் சத்தத்தை வெட்டாமல் ஒரே இழையாக ஓடவிடுங்கள். அதன்மேல் அண்ணனின் ஷாட்டிலிருந்து நல்ல துண்டுகளை மட்டும் வையுங்கள். ஒருவர் நின்று முறைத்த இடம், கை உதறிய இடம் எல்லாவற்றையும் கூசாமல் வெட்டித் தள்ளலாம், பூக்கடையிலிருந்து நேரே பாத்திரக் கடைக்குத் தாவினாலும் பரவாயில்லை, தோள் மட்டும் ஃபிரேமில் அதே இடத்தில் இருக்க வேண்டும். 'கொலுசு எங்கேடா' என்று கேட்கிற இடத்தில் தம்பிக்கு மாறுங்கள், அவன் பதில் சொல்லாமல் நடக்கிற அந்தப் பத்து நொடியை மட்டும் வெட்டாமல் விடுங்கள். சுற்றி எல்லாம் தாவிக்கொண்டிருக்கும்போது வெட்டாத ஒன்றுதான் கனமாக நிற்கும். என் கணக்குக்கு இரண்டரை நிமிடம் ஒன்றரைக்கு வந்துவிடும், வந்தால் நல்லது.

அனுமதி விஷயம் ஒன்று. பாரிஸில் கேட்காமல் எடுத்தார்கள் என்று படித்துவிட்டு இங்கே கிளம்பிவிடாதீர்கள். பொது இடத்தில் ஷூட்டிங் என்றால் அந்தப் பகுதி காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள், பொருட்காட்சி மாதிரி கடையைக் காட்டப் போகிறீர்கள் என்றால் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை. ரயில்வே ஸ்டேஷனுக்குள்ளும் ஏற்காட்டில் வனத்துறை இடங்களிலும் தனி அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். முகம் தெளிவாக, நெடுநேரம் தெரிகிற யாராக இருந்தாலும், எடுத்து முடித்ததும் அவரிடம் போனைக் காட்டிக் கேளுங்கள், வேண்டாம் என்றால் அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள். ஜம்ப் கட் போடுகிற படத்தில் அது ஒரு நஷ்டமே இல்லை.