கோப்பு கை மாறிப் போச்சு, இப்போ என்ன எழுதி அனுப்புவது?

அம்பத்தூரில் ஒரு தொழிற்கூடத்தின் எச்ஆர் பிரிவிலிருந்து: 46 பேரின் சம்பளப் பட்டியல், கணக்குப் பிரிவு கார்த்திக்குக்குப் போகவேண்டியது, அதே பெயருள்ள சப்ளையர் ஒருவருக்குப் போய்விட்டது. அவுட்லுக்கில் ரீகால் கொடுத்தோம். போதுமா?

போதாது. ரீகால் உங்கள் நிறுவனத்தின் அஞ்சல்பெட்டிகளுக்குள் மட்டும்தான் செல்லும். வெளி முகவரிக்குப் போனதைத் திருப்பி இழுக்காது. ‘ரீகால் பண்ண விரும்புகிறார்’ என்று ஒரு மெயில் போய், திறக்காதவரையும் திறக்க வைப்பதும் உண்டு.

சப்ளையரை உடனே போனில் அழையுங்கள். பிறகு ஒரு சின்ன மெயில்: ‘இன்று காலை 11.20க்கு வந்த இணைப்பு தவறுதலாக அனுப்பப்பட்டது. திறக்காமல் இன்பாக்ஸிலும் டிராஷிலும் அழித்துவிட்டு, வேறு யாருக்கும் அனுப்பவில்லை என்பதை இந்த மெயிலுக்கான பதிலில் எழுதுங்கள்.’ அந்தப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கோப்பை மட்டும் மறுபடி இணைத்துவிடாதீர்கள். பழைய மெயிலையே ஃபார்வர்டு செய்து ‘இதை அழியுங்கள்’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அதே வாசகர்: ஊழியர்களுக்கு நினைவூட்டல் எப்படி எழுதுவது? அனுப்பியவர் பெயரைப் போடலாமா?

பெயர் வேண்டாம். போட்டால் அடுத்த முறை தவறு செய்பவர் வாயைத் திறக்கமாட்டார்; கோப்பு போய் நாலு நாள் கழித்துத்தான் உங்களுக்குத் தெரியவரும். ‘ரகசியம் காக்கவும், கவனமாக இருக்கவும்’ என்ற வரியும் வீண். கார்த்திக் என்று அடித்தவர் கவனமாகத்தான் இருந்தார். ‘கார்’ என்று அடித்ததும் மேலே வந்து நின்ற பெயரை என்டர் தட்டியதுதான் கோளாறு. அதை அப்படியே எழுதுங்கள்:

‘செவ்வாயன்று சம்பளக் கோப்பு ஒன்று வெளி முகவரிக்குப் போனது. பெறுநர் பெட்டியில் தானாக வந்த பெயரைத் தேர்ந்ததே காரணம். இனி சம்பளம், ஆதார், வங்கி விவரம் உள்ள கோப்புகளை மெயிலில் இணைக்கக் கூடாது. கணக்குப் பிரிவின் பொது ஃபோல்டரில் போட்டு லிங்க் மட்டும் அனுப்பவும். தவறு நடந்தால் பத்து நிமிடத்துக்குள் எச்ஆருக்குப் போன் செய்யவும். மறைக்காமல் சொன்னவர் மீது நடவடிக்கை இல்லை. கோப்பு யாருக்காவது வந்திருந்தால் திறக்காமல் சொல்லவும்.’

இவ்வளவுதான். கடைசி வாக்கியம் முக்கியம். வாங்கியவர் பக்கம் பேசுவதைப் பல சுற்றறிக்கைகள் மறந்துவிடுகின்றன. யாருக்கு எவ்வளவு சம்பளம் என்ற விவரம் நினைவூட்டலுக்குள் நுழையவே கூடாது. அவுட்லுக்கில் அந்தப் பழைய பெயரை நீக்க, பட்டியலில் பெயரின் ஓரத்தில் வரும் × குறியைத் தட்டினால் போதும். ஜிமெயில்காரர்கள் Settings-இல் Undo Send நேரத்தை 30 நொடி ஆக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் அது தராது.

தி.நகரிலிருந்து ஒரு ஆடிட்டர் அலுவலகம்: எக்செலில் ஒரு கிளையின் மொத்தக் கணக்கை மட்டும்தான் பிவட் போட்டு அனுப்பினோம். மற்ற கிளைகளின் ஷீட்டை அழித்தும்விட்டோம். ஆனால் வாடிக்கையாளர் ஆள்வாரியாக எண்களைச் சொல்கிறார்!

பிவட்டின் மொத்தத் தொகையை இரண்டு முறை கிளிக் செய்து பாருங்கள். புதிய ஷீட் ஒன்று திறந்து, அந்தத் தொகைக்குள் இருக்கும் வரிகள் முழுவதும் கொட்டும். மூல ஷீட்டை நீங்கள் அழித்தாலும், அதன் நகலைப் பிவட் தன்னுள் வைத்திருக்கும். வடிகட்டி மறைத்த கிளைகளும் அதிலேயே இருக்கும். ஃபில்டர் போட்டு மறைத்த வரிகளும், ஒளித்த ஷீட்டும் அப்படித்தான்: கண்ணுக்குத் தெரியாதே தவிர, கோப்போடு பயணம் போகும்.

வேண்டிய பகுதியைக் காப்பி செய்து, புதிய ஒர்க்புக்கில் Paste Values கொடுத்து, அதையே அனுப்புங்கள். அனுப்புமுன் File, Info, Check for Issues, Inspect Document வழியாக ஒரு முறை ஓட்டினால் ஒளிந்த ஷீட்டு, வரிகள், கமென்டுகளைக் காட்டும். எண்களைப் பார்த்தால் போதும் என்றால் பிடிஎஃப் மேல்.

வேளச்சேரி வாசகர்: கூகுள் டிரைவ் லிங்க் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. செய்தியை அழித்துவிட்டேன்.

செய்தி போனது, லிங்க் உயிரோடு இருக்கிறது. Share-ஐத் திறந்து General access-இல் Anyone with the link என்றிருப்பதை Restricted ஆக்குங்கள். மேலே உள்ள ஃபோல்டரும் திறந்துகிடக்கிறதா என்று பாருங்கள். கோப்புக்கு அனுமதி அங்கிருந்தும் இறங்கும். கூகுள் கணக்கில் உள்நுழையாத ஒரு பிரவுசர் ஜன்னலில் அதே லிங்கைத் திறந்துபார்த்தால் மூடியாயிற்றா என்று தெரிந்துவிடும். ஏற்கெனவே டவுன்லோடு செய்தவரின் பிரதியை இது ஒன்றும் செய்யாது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்: இப்படிக் கோப்பு வெளியே போனதை அரசுக்குச் சொல்ல வேண்டுமா?

தெரியாமல் நடந்த பகிர்வும் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைப்படி மீறல்தான். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. மீறலைத் தெரிவிக்கும் கடமை 18 மாதம் கழித்து அமலாகிறது. ஆனால் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னின் 2022 உத்தரவு ஏற்கெனவே நடப்பில் உள்ளது: அதன் பட்டியலில் தரவுக் கசிவும் இருக்கிறது, கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் சம்பவம் அதில் வருகிறதா என்று வழக்கறிஞரிடம் அன்றைக்கே கேளுங்கள். அவருக்குக் கோப்பை அனுப்ப வேண்டாம். எத்தனை பேர், என்னென்ன விவரம், எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொடுத்தால் போதும்.