அவர்கள் ஊர் கடிகாரத்தில் எழுதுங்கள்

"பாளையங்கோட்டையில் இருந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் எடுக்கிறேன். விளம்பரம் பார்த்து நிறையப் பேர் விசாரிக்கிறார்கள், யாரும் சேரவில்லை. எந்த நேரம் வைக்கலாம்? பெற்றோருக்கு எப்படி நம்பிக்கை வரும்?"

நான் அம்பாசமுத்திரத்தில் இருந்து ஆறு வருடமாக இதே வேலை செய்கிறேன். உங்கள் விளம்பரத்தில் 'சனி இரவு 7 மணி, இந்திய நேரம்' என்று இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். நியூ ஜெர்சியில் இருக்கிற அம்மா கணக்குப் போட்டுப் பார்க்கமாட்டார், அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவார்.

நான் பட்டதைச் சொல்கிறேன். கோடையில் நமக்குச் சனி இரவு 7 மணி என்றால் அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் சனி காலை 9:30. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தெளிவாக வந்து உட்காருவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். முதல் வருடம் எனக்கு அது தெரியாது. அடுத்த சனி வழக்கம்போல 7 மணிக்கு உட்கார்ந்தால், அங்கே 8:30. ஆறு பேரில் இரண்டு பேர்தான் வந்தார்கள், அதில் ஒருவன் போர்வையைச் சுற்றிக்கொண்டு. அந்த மாதமே இரண்டு குடும்பம் நின்றுவிட்டது. இப்போது அவர்கள் ஊர் 9:30-ஐ நான் மாற்றுவதே இல்லை. நவம்பரில் இருந்து மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை நான்தான் 8 மணிக்கு உட்காருகிறேன்.

லண்டன் பிள்ளைகளை அந்த வகுப்பிலேயே சேர்க்காதீர்கள். பிரிட்டனில் கடிகாரம் மாறுவது அக்டோபர், மார்ச் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில். நியூ ஜெர்சிக்கும் லண்டனுக்கும் எப்போதும் 5 மணி நேர இடைவெளி, ஆனால் நடுவில் வரும் அந்தச் சில வாரங்கள் மட்டும் 4 மணி நேரம். யாராவது ஒருவருக்கு நேரம் தப்பும். கலிபோர்னியாவுக்கு அவர்கள் வெள்ளி மாலை 7 மணி நல்லது, நமக்கு அது சனி காலை 7:30, குளிர்காலத்தில் 8:30. சிங்கப்பூரிலும் துபாயிலும் கடிகாரம் மாறாது, அதனால் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் நம்பிக்கை. பணம் கட்டுவது அங்கே, விசாரிப்பது இங்கே. 'அந்த டீச்சரைத் தெரியுமா?' என்று பெருமாள்புரத்தில் இருக்கும் ஆச்சிக்கோ தாத்தாவுக்கோதான் போன் வரும். அதனால் வீட்டு முகவரியை மறைக்காமல் கொடுங்கள். வந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு ஆச்சி என் வீட்டுக்கே வந்தார். "ஏம்மா, எங்க பேத்தி போன்ல ஹலோவுக்கு மேல பேச மாட்டேங்கா. நீங்க பேச வச்சிருவியளா?" என்று கேட்டார். அன்று கேமராவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன், வகுப்பு முழுக்க இருந்து பார்த்தார்.

அந்தப் பேத்திக்கு முதல் எட்டு வகுப்பில் எழுத்தே கிடையாது. ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் ஆச்சியிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி கொடுப்பேன். 'ஆச்சி, இன்னைக்கு என்ன கொழம்பு?' என்பது முதல் வாரம். பதிலை அடுத்த வகுப்பில் தமிழில் சொல்ல வேண்டும். பிள்ளை கேட்டாளா இல்லையா என்பது ஆச்சிக்குத் தெரிந்துவிடும், நான் மார்க் போட்டு அனுப்ப வேண்டியதில்லை. கேட்கவில்லை என்றால் கேள்வி கடினம் என்று அர்த்தம், அடுத்த வாரம் குறைத்துக்கொள்வேன்.

பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பது மூன்று. 247 எழுத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? வேண்டாம். 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்தால் மற்றவை பெரும்பாலும் குறிகள்தான். கு, சு, மு வரிசையிலும் கூ, சூ, மூ வரிசையிலும்தான் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும், அதற்குக் கூடுதல் நாள் ஒதுக்குகிறேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, நெல்லைப் பேச்சு வந்துவிடுமா என்பது. கோயம்புத்தூர்க் குடும்பம் கேட்டால் தப்பில்லை. வீட்டில் எந்தப் பேச்சோ அதைப் பிள்ளை பேசட்டும், வாசிப்பதும் எழுதுவதும் எல்லாருக்கும் ஒரே தமிழ் என்று சொல்கிறேன்.

மூன்றாவதைப் பலர் கூச்சப்பட்டுக் கேட்கமாட்டார்கள், நீங்களே சொல்லிவிடுங்கள்: பிள்ளையோடு தனியாக யார் பேசுவார்கள்? என் வகுப்பில் பிள்ளைக்கு நேரடியாக மெசேஜ் போகாது, எல்லாம் பெற்றோர் எண்ணுக்குத்தான். பிள்ளை உள்ளே வருவதும் பெற்றோர் கணக்கில்தான். பதிவு செய்த வகுப்பை விளம்பரத்துக்கு எடுப்பதில்லை.

வருடக் கட்டணம் கேட்காதீர்கள், மாதமாக வாங்குங்கள். அந்த ஆச்சி என்னிடம் வந்தது ஜூலையில். செப்டம்பரில் அதே தெருவில் இருந்து இரண்டு வீட்டுப் பேரப்பிள்ளைகள் சேர்ந்தார்கள், அவர்களுக்கு நான் விளம்பரமே அனுப்பியிருக்கவில்லை.