செக்மென்டேஷன் ஃபால்ட்டும் அவகாசக் கடிதமும்

அன்புள்ள மாணவருக்கு,

ஆய்வக ஆசிரியருக்கு அனுப்புவதற்காக எழுதிய கடிதத்தையும், அதனுடன் இணைத்திருந்த திரைப் பதிவையும் படித்தேன். "நான்கு நாட்களாக இரவு பகலாக முயன்றும் செக்மென்டேஷன் ஃபால்ட் தீரவில்லை, ஒரு வாரம் அவகாசம் தாருங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பட்ட பாட்டை நான் நம்புகிறேன். ஆனால் நிரலைத் தொடங்காத மாணவரும் இதே வரியை எழுத முடியும் என்பதால், அதை வைத்து ஆசிரியர் எதையும் முடிவு செய்ய இயலாது. அவருக்கு உதவக்கூடிய செய்தி திரைப் பதிவில்தான் இருக்கிறது.

```
(gdb) print cur
$1 = (struct node *) 0x6961727564616d
```

இந்த எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, வலமிருந்து இடமாக எழுத்துகளாக மாற்றிப் பாருங்கள். madurai என்று வரும். முகவரி இருக்க வேண்டிய இடத்தில், உள்ளீட்டுக் கோப்பிலிருந்த ஊர்ப்பெயர் கிடக்கிறது. malloc தரும் நினைவகம் துடைத்துத் தரப்படுவதில்லை. சிறிய உள்ளீட்டில் அது பெரும்பாலும் புதிய இடமாக, பூஜ்யமாகவே இருப்பதால் நிரல் ஓடிவிடுகிறது; free செய்த இடம் மறுபடி கைக்கு வரும்போதோ, பழைய எழுத்துகளே next சுட்டியாகப் படிக்கப்படுகின்றன. புதிய கணுவைச் சேர்க்கும் செயற்கூற்றில் `p->next = NULL;` என்ற வரி விடுபட்டிருக்கலாம் என்பது என் ஊகம். நிரல் விழுவது அச்சிடும் செயற்கூற்றில் என்பதால், நான்கு நாட்களும் நீங்கள் அங்கேயே தேடியிருக்கிறீர்கள். `-g` சேர்த்துத் தொகுத்து, `valgrind --track-origins=yes` கொண்டு ஓட்டினால், மதிப்பிடப்படாத அந்த நினைவகம் எந்த malloc வரியில் பெறப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

அதன் பிறகும் பிழை பிடிபடாவிட்டால், கடிதத்தின் நடுப்பகுதியைப் பின்வருமாறு மாற்றிக்கொள்ளுங்கள்:

"ஐயா, சேர்த்தல், தேடுதல் ஆகிய பகுதிகள் 12 வரி உள்ளீட்டுக்குச் சரியாக இயங்குகின்றன. நீக்கிய பின் மீண்டும் சேர்த்தால் மட்டும், அச்சிடும் செயற்கூற்றில் நிரல் நின்றுவிடுகிறது. அப்போது cur காட்டும் மதிப்பையும், பிழையை எழுப்பும் மிகச் சிறிய உள்ளீட்டையும் இணைத்துள்ளேன். இயங்கும் பகுதியை உரிய நாளிலேயே சமர்ப்பிக்கிறேன். நீக்கும் பகுதிக்கு மட்டும் இரண்டு நாள் அவகாசம் வேண்டுகிறேன்."

ஒரு வாரத்தை இரண்டு நாளாக்கியதற்குக் காரணம், மீதமுள்ள வேலை அவ்வளவே என்பதை இணைப்பே காட்டிவிடுகிறது என்பதுதான். "கணினிக் கோளாறு", "கம்பைலர் பிழை" என்ற சொற்களை நீக்கிவிடுங்கள். தவறு உங்கள் நிரலில் இருக்கிறது, அதை அவரும் அறிவார். கெடு முடிவதற்கு முன்தினமே கடிதம் அவர் கைக்குச் சேரட்டும். அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அவரே காரணத்தைச் சொல்லிவிடவும் கூடும்; அப்படியானால் உங்களுக்கு இரண்டு நாள்கூடத் தேவைப்படாது.